டிக்கி நிறைந்தால் ஹெட்லைட் எங்கே பார்க்கிறது?

லோ பீமில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் நான்கு பெட்டி, பின் சீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பைகள். இந்த நிலையில் உங்கள் லோ பீம் அவர்கள் கண்ணில் ஹை பீமாகத்தான் விழுகிறது. இதைச் சரிசெய்ய, ஹெட்லைட்டின் உயரத்தை மாற்றும் லெவலிங் நாப் என்று ஒரு சின்ன நாப் பெரும்பாலான கார்களில் உண்டு. புதிதாகக் கார் வாங்கியவர்களில் பலர் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த நாப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். கூடவே, இரவுப் பயணத்தில் அதோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டு வசதிகளும் உண்டு: திரும்பும் பக்கம் எரியும் கார்னரிங் லைட், வண்டியை அணைத்த பிறகும் வாசல்வரை வெளிச்சம் தரும் ஃபாலோ மீ ஹோம். சொந்த ஊருக்குக் கிளம்பும் ஒரு இரவில் இந்த மூன்றும் எந்த வரிசையில் தேவைப்படுமோ, அதே வரிசையில் பார்த்துவிடலாம்.

நாப் எங்கே இருக்கும், எண்களுக்கு என்ன அர்த்தம்

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்குச் சற்று மேலே பாருங்கள். ஹெட்லைட் படமும் பக்கத்தில் மேலும் கீழுமாக அம்புக்குறியும் போட்ட ஒரு குட்டி உருளை இருக்கும். அதில் 0 முதல் 3 வரை எண்கள் இருக்கும்; சில கார்களில் 4 வரையும் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகி லோ பீம் எரியும்போதுதான் பெரும்பாலும் இது வேலை செய்யும். பகலில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

எண்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 3-இல் வைத்தால் வெளிச்சம் அதிகம், தூரம் அதிகம் என்று. நேர்மாறு. 0-தான் விளக்கு மேலே பார்க்கும் நிலை. எண் கூடக்கூட விளக்கு கீழே குனியும். 0-வைவிட மேலே ஏற்ற இந்த நாப்பால் முடியாது. இறக்க மட்டுமே தெரியும். வண்டியில் சுமை ஏறும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு நிமிரும், அதைச் சமன்செய்ய விளக்கைக் குனிய வைக்க வேண்டும், அவ்வளவுதான் இதன் வேலை.

எந்தச் சுமைக்கு எந்த எண் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும். ஹூண்டாய் கையேடுகளில் இருப்பதை எடுத்துக்கொள்வோம்: ஓட்டுநர் மட்டும் இருந்தாலும், பக்கத்தில் ஒருவர் சேர்ந்தாலும் 0. எல்லா சீட்டும் நிறைந்தால் 1. எல்லா சீட்டும் நிறைந்து, அனுமதித்த அளவு சாமானும் ஏறினால் 2. ஓட்டுநர் மட்டும், ஆனால் டிக்கி முழுக்கச் சாமான் என்றால் 3.

கடைசி வரிதான் புதியவர்களைக் குழப்பும். ஐந்து பேரும் சாமானும் இருந்தால் 2, ஒரே ஆள் சாமானோடு போனால் 3 என்றால் கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். ஆனால் மொத்த எடை எவ்வளவு என்பது இங்கே பெரிதில்லை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். டிக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே ஏற்றுவது, சீசா பலகையின் ஒரு முனையில் கனத்த ஆள் உட்காருவது போல; எதிர்முனை எழும். பின் சீட்டில் உட்காருகிறவர்கள் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறார்கள், அதனால் பின்பக்கம் அமுங்கினாலும் முன்பக்கம் அவ்வளவாக எழாது. முன் சீட்டில் உட்காரும் ஆள் மூக்கைக் கொஞ்சம் கீழேயே அழுத்திக்கொடுக்கிறார். ஆகவே தனியாக நான்கு அரிசி மூட்டையோடு போகிறவருக்குத்தான் விளக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கும்.

இதே காரணத்தால் ஏழு சீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் மூன்றாவது வரிசையைத் தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும். அந்த வரிசை பின் சக்கரத்தின் மேலேயோ சற்றுப் பின்னாலேயோ வரும். முதல் இரண்டு வரிசையில் ஐந்து பேர் உட்காருவதற்கும், நடு வரிசையைக் காலியாக விட்டுக் குழந்தைகளைக் கடைசியில் உட்கார வைப்பதற்கும் விளக்கின் சாய்வு ஒன்றாக இருக்காது.

ஒரு காரின் கணக்கு

எவ்வளவு நிமிர்கிறது என்று எண்களில் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒரு சாதாரண ஹேட்ச்பேக். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 சென்டிமீட்டர்.

லோ பீமுக்கு மேல் விளிம்பில் ஒரு கூர்மையான எல்லைக்கோடு உண்டு. மெக்கானிக்குகள் கட்-ஆஃப் என்பார்கள். அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கம்பெனியில் அந்தக் கோட்டைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் அனுப்புவார்கள். நம் கார்களில் இது பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1 சதவீதம் என்றால் ஒரு மீட்டர் போவதற்குள் 1 சென்டிமீட்டர் இறங்கும். 70 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் கோடு 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அதுதான் உங்கள் லோ பீமின் எல்லை.

இப்போது ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியாயிற்று. பின்பக்கம் 5 சென்டிமீட்டர், முன்பக்கம் 1 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வித்தியாசம் 4 சென்டிமீட்டர். அதை 245 சென்டிமீட்டரால் வகுத்தால் சுமார் 1.6 சதவீதம். வண்டி முழுவதும் அவ்வளவு பின்னால் சாய்ந்துவிட்டது. கீழ்நோக்கி 1 சதவீதம் இருந்த விளக்கு இப்போது மேல்நோக்கி 0.6 சதவீதம் பார்க்கிறது. கோடு இனித் தரையைத் தொடவே தொடாது. போகப்போக உயர்ந்துகொண்டே போகும். 60 மீட்டர் தள்ளி அது ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். எதிரே வரும் சிறிய காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். எண்பது, நூறு மீட்டர் தொலைவில் வரும்போதே அவர் கண் உங்கள் வெளிச்சத்துக்குள் வந்துவிடுகிறது. நடுவே தடுப்பு இல்லாத இரண்டு வழிச் சாலையில் இதுதான் ஆபத்து.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு மோசம். ஊரிலிருந்து திரும்பி வந்து, சாமானை இறக்கி, நாப்பை 3-லேயே விட்டுவிட்டு அடுத்த நாள் தனியாகப் போகிறீர்கள். விளக்கு 2.5 சதவீதம் குனிந்திருக்கிறது என்றால் வெளிச்சம் 28 மீட்டரில் முடிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஏதோ தெரிகிறது என்று மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி எடுத்தால் 25 மீட்டர் அங்கேயே போய்விட்டது. மீதி மூன்று மீட்டரில் எந்தக் காரும் நிற்காது.

சுவரில் ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வது

கையேட்டு அட்டவணை ஒரு தொடக்கம்தான். உங்கள் காரின் ஸ்பிரிங் பழசாகியிருக்கலாம், டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கலாம், நீங்கள் ஏற்றும் சுமை கையேடு நினைத்ததைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் ஊருக்குக் கிளம்புகிற அன்று மாலை, வண்டியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. அரை மணி நேர வேலை. ஒரு முறை செய்துவிட்டால் உங்கள் வண்டிக்கான எண்கள் கையில் இருக்கும்.

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான அளவு தனியாகப் போட்டிருக்கும். பின் டயருக்கு அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். பின் டயரில் காற்று குறைந்தால் வண்டி இன்னும் கொஞ்சம் பின்னால் சாயும், அதோடு நீண்ட பயணத்தில் டயர் சூடாகும் பிரச்சினையும் உண்டு.

அடுத்து இடம். தரை சமமாக இருக்க வேண்டும், எதிரே வெள்ளைச் சுவர் வேண்டும். அப்பார்ட்மெண்ட் கார் பார்க்கிங் வசதியானது, ஆனால் அங்கே தண்ணீர் வடிய லேசான சரிவு வைத்திருப்பார்கள். ஒரு பந்தையோ தண்ணீர் பாட்டிலையோ தரையில் வைத்துப் பாருங்கள். உருண்டு போனால் வேறு இடம் தேடுங்கள்.

இப்போது வண்டி காலியாக இருக்கிறது. டேப்பை வைத்து, தரையிலிருந்து ஹெட்லைட்டில் லோ பீம் பல்பின் நடுப்புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். அதே உயரத்தில் சுவரில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிடைமட்டமாக ஒட்டுங்கள். நம் கணக்குக் காரில் அது 70 சென்டிமீட்டர். பிறகு விளக்கிலிருந்து சுவர் வரை சரியாக 5 மீட்டர் இருக்கும்படி காரை நேராக நிறுத்துங்கள். கோணலாக நின்றால் இரண்டு விளக்கும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது போலத் தெரியும். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, நாப் 0-வில், லோ பீமைப் போடுங்கள்.

சுவரில் தெரியும் கோட்டைக் கவனியுங்கள். இடப்பக்கம் போகும் நம் சாலைக்கான விளக்கு என்பதால், கோடு வலப்பக்கம் தட்டையாகவும் நடுவிலிருந்து இடப்பக்கம் மேலே ஏறியும் இருக்கும். ஓரத்தில் நடப்பவர்களும் பெயர்ப்பலகையும் தெரியட்டும் என்று இடப்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அளக்க வேண்டியது தட்டையான வலப்பகுதியை. 5 மீட்டரில் 1 சதவீதம் என்றால் 5 சென்டிமீட்டர். ஆகவே கோடு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே, தரையிலிருந்து 65-இல் இருக்க வேண்டும். உங்கள் காருக்கான துல்லியமான சதவீதம், ஹெட்லைட்டின் மேலோ பானட்டைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ விளக்குப் படத்தோடு அச்சாகியிருக்கும். 1.2 என்று இருந்தால் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கோடு இருக்க வேண்டிய அந்த உயரத்தில் இரண்டாவது டேப்பை ஒட்டுங்கள். இதுதான் இலக்கு.

இனி வண்டியை நகர்த்தாமல் சாமானை ஏற்றுங்கள். வீட்டில் எல்லோரையும் வரச்சொல்லி உட்கார வையுங்கள், “நாங்க எதுக்கு?” என்று கேட்பார்கள், ஆனால் ஆள் உட்காராமல் இந்தக் கணக்கு வராது. எல்லோரும் ஏறியதும் காரை ஒரு மீட்டர் பின்னால் எடுத்து அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்ற இடத்திலேயே சுமை ஏற்றினால் ஸ்பிரிங் முழுதாக அமுங்காமல் பிடித்து நிற்கும். கொஞ்சம் உருண்டால் உட்கார்ந்துவிடும்.

நம் கணக்குக் காரில் இப்போது கோடு 65-இலிருந்து 73-க்கு ஏறியிருக்கும், அதாவது மேல் டேப்பையும் தாண்டி. முன்பக்கம் 1 சென்டிமீட்டர் அமுங்கினாலும், விளக்கு முன் சக்கரத்துக்கும் முன்னால் இருப்பதால் வண்டி சாயும்போது அந்த 1 சென்டிமீட்டர் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே விளக்கின் உயரம் ஏறத்தாழ 70-லேயே நிற்கிறது. நாப்பை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். 1-இல் கோடு 70-க்கு வந்தது, 2-இல் 66, 3-இல் 62 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 65. 2-இல் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், இந்தச் சுமைக்கு அது போதும். 3-இல் வைத்தால் யாருக்கும் கண் கூசாதுதான், ஆனால் உங்கள் வெளிச்சம் 44 மீட்டரில் முடியும். நெடுஞ்சாலைக்கு அது குறைச்சல். 2-க்கும் 3-க்கும் சரிபாதியில் இலக்கு விழுந்தால் நான் குனிந்த பக்கத்தையே எடுப்பேன், ஊர்ப்புறச் சாலையில் எதிரே பைக்கில் வருகிறவர் கண் கூசிப் பள்ளத்தில் இறங்குவதைவிட நான் பத்து கிலோமீட்டர் வேகம் குறைத்து ஓட்டுவது மேல். உங்கள் சாலை எது என்பதைப் பொறுத்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கிடைத்த எண்ணை “5 பேர், டிக்கி ஃபுல்: 2” என்று சின்னத் தாளில் எழுதி சன்வைசரின் பின்னால் ஒட்டிவிடலாம்.

நாப் திரும்புகிறது, விளக்கு அசையவில்லை

ஹெட்லைட்டின் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. நாப்பைத் திருப்பும்போது அவை ரிஃப்ளெக்டரைத் தள்ளவோ இழுக்கவோ செய்கின்றன. அமைதியான இடத்தில் பானட் அருகே நின்றால் மெல்லிய சுழலும் சத்தம் கேட்கும். சுவரில் இரண்டு கோடும் சேர்ந்து இறங்கினால் எல்லாம் சரி.

ஒரு பக்கம் மட்டும் இறங்கினால், மோட்டார் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தம் வந்தும் வெளிச்சம் அசையாவிட்டால், மோட்டாரின் முனையில் இருக்கும் பந்து வடிவப் பிளாஸ்டிக் இணைப்பு ரிஃப்ளெக்டரிலிருந்து கழன்றிருக்கும். பல்பு மாற்றும்போது கை பட்டு இது கழல்வது சகஜம். சத்தமே இல்லை என்றால் மோட்டாரோ அதன் கனெக்டரோ போயிருக்கும். இரண்டு பக்கமும் அசையாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அதன்பிறகு நாப்பையே சந்தேகப்படலாம்.

காலி வண்டியிலேயே, நாப் 0-வில், கோடு இலக்கைவிட மேலே இருந்தால் அது நாப்பின் வேலை இல்லை. ஹெட்லைட்டின் பின்பக்கம் அடிப்படை உயரத்தைச் சரிசெய்யத் தனி ஸ்க்ரூ இருக்கிறது. அதை சர்வீஸ் சென்டரில் பீம் பார்க்கும் மெஷினை முன்னால் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே வண்டியை விடும்போது நாப் 0-வில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். 2-இல் இருக்கும்போது யாராவது ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துவிட்டால், பிறகு நீங்கள் 0-வுக்கு வரும் நாளில் காலி வண்டியே எல்லோர் கண்ணையும் கூச வைக்கும். வாங்கிய பிறகு வெளியே சிஎன்ஜி போட்டவர்களும் இந்த ஸ்க்ரூவை ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். சிலிண்டர் டிக்கியில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் சுமை.

சுவரில் கோடே தெரியவில்லை, வெளிச்சம் மங்கலாகப் பரவிக் கிடக்கிறது என்றால், ஹாலோஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட்டில் யாரோ வெளியிலிருந்து எல்இடி பல்பை மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சம் கிளம்பும் புள்ளி இடம் மாறிப் போவதால் ரிஃப்ளெக்டரால் அதை ஒழுங்காக வளைக்க முடியாது. இதற்கு நாப்பில் மருந்து இல்லை, பழைய பல்பைத் திரும்பப் போடுவதுதான் வழி.

உங்கள் காரில் நாப்பே இல்லையா? விலை கூடிய எல்இடி, செனான் விளக்கு வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்ஸில் பக்கம் ஒரு சென்சார் வைத்து, சாய்வை அளந்து விளக்கைத் தானே இறக்கும் அமைப்பு இருக்கும். இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாலையை விட்டுத் திரும்பும் இடம்: கார்னரிங் லைட்

நெடுஞ்சாலை முடிந்து ஊருக்குள் பிரியும் இடம். ஹெட்லைட் நேரே பார்க்கிறது, நீங்கள் போக வேண்டியதோ இடப்பக்கம். அங்கே வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரும், படுத்திருக்கும் நாயும், விளக்கில்லாத சைக்கிளும் இருட்டுக்குள் இருக்கும். கார்னரிங் லைட் அந்தப் பக்கத்தை மட்டும் சில மீட்டருக்கு அகலமாகக் காட்டும்.

நம் ஊரில் பரவலாக இருப்பது, பம்பரில் உள்ள ஃபாக் லேம்ப்பே இந்த வேலையையும் செய்யும் வகை. டாடா நெக்ஸான், ஹாரியர் போன்றவற்றில் வந்தது இதுதான். லோ பீம் எரிந்துகொண்டிருக்க வேண்டும், வேகம் குறைவாக இருக்க வேண்டும். அப்போது இண்டிகேட்டர் போட்டாலோ ஸ்டியரிங்கை ஓரளவு திருப்பினாலோ அந்தப் பக்க விளக்கு எரியும். ஸ்டியரிங் நேரானதும் அணையும். 40 கிலோமீட்டருக்கு மேல் கார்னரிங் லைட் எரியக் கூடாது என்று ஐரோப்பிய விதிமுறையிலேயே இருக்கிறது. சில கார்களில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு பக்கமும் எரியும். சந்தில் வண்டியை ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது முன் மூலை எங்கே உரசும் என்று தெரிய அது உதவி.

உங்கள் காரில் இருக்கிறதா என்று பார்க்க, அதே சுவரின் முன் எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போட்டு, இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். எரியாவிட்டால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பாருங்கள். இந்தச் சோதனையின்போது ஃபாக் லேம்ப் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் புதிதாக எரிய எதுவும் மிச்சமில்லை. கார்னரிங் லைட் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்களில் சிலருக்கு இதுதான் விஷயம்.

மலைப்பாதையில் ஒரு வேறுபாடு தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பார்த்து எரியும் வகை வெகுவாக உதவும், வேகமும் அங்கே எப்படியும் குறைவுதான். இண்டிகேட்டரை மட்டும் பார்த்து எரியும் வகையாக இருந்தால், வெளிச்சத்துக்காக வளைவில் இண்டிகேட்டர் போடாதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரர் அதை, முந்திப் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடும்.

லெவலிங் நாப்போடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது, பலர் கவனிக்காதது. நாப் ஹெட்லைட்டை மட்டும்தான் குனிய வைக்கும். ஃபாக் லேம்ப் பெரும்பாலும் பம்பரோடு இறுகிக் கிடப்பது. சுமை ஏறி வண்டி நிமிர்ந்தால் அதுவும் சேர்ந்து நிமிரும், இறக்க வழியில்லை. டிக்கி நிறைந்த பயணத்தில் பனிமூட்டம் இல்லாத சாலையில் ஃபாக் லேம்ப்பை அணைத்தே வைத்திருங்கள். திரும்பும்போது சில நொடி எரியும் கார்னரிங் லைட்டால் தொந்தரவு இல்லை.

வீட்டு வாசலில்: ஃபாலோ மீ ஹோம்

தெருவிளக்கில்லாத வாசலில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டின் பூட்டைத் தேடும்போது ஹெட்லைட் இன்னும் கொஞ்சம் எரிந்தால் நன்றாக இருக்கும். எப்படி எரிய வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு முறைகள் தெரிந்தால் மற்றதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஹூண்டாயில் லைட்டை அணைக்காமலேயே எஞ்சினை அணைத்தால் ஹெட்லைட் சுமார் 5 நிமிடம் எரியும். ஓட்டுநர் கதவைத் திறந்து மூடியதும் அது 15 நொடியாகச் சுருங்கும். சாவியில் பூட்டு பட்டனை இரண்டு முறை அழுத்தினால் உடனே அணைந்துவிடும். ஆகவே இறங்கியதும் கதவைச் சாத்திவிடாமல், டிக்கியிலிருந்து பெட்டியெல்லாம் இறக்கிய பிறகு சாத்துவது உத்தமம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு ஓட்டுநர் கதவை விட்டுப் பயணி பக்கத்துக் கதவு வழியாக இறங்கினால், அணைய வேண்டிய சமிக்ஞை வண்டிக்குக் கிடைக்காது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்படி இறங்க நேர்ந்தால் லைட் ஸ்விட்சைக் கையால் அணைத்துவிட்டு இறங்குங்கள்.

ஃபியட் கார்களில் வேறு விதம். எஞ்சினை அணைத்த 2 நிமிடத்துக்குள் ஹெட்லைட் லீவரை உங்கள் பக்கம் ஒரு முறை இழுத்தால் 30 நொடி எரியும். மறுபடி மறுபடி இழுத்தால் 30, 30 நொடியாகக் கூடி அதிகபட்சம் 210 நொடிவரை போகும். லீவரை 2 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அணையும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாவிட்டால் இன்றிரவே வீட்டில் இந்த இரண்டையும் முயன்று பாருங்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால் டச் ஸ்கிரீனின் லைட் செட்டிங்கில் தேடுங்கள். நேரத்தை நொடிக் கணக்கில் மாற்றவும் முழுதாக அணைக்கவும் சில கார்களில் அங்கேதான் வழி இருக்கும்.

பேட்டரி இறங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 55 வாட் ஹாலோஜன் இரண்டு சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஒரு நிமிடம் எரிந்தால் போவது 0.15 ஆம்பியர்-மணி, சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் மேலே சொன்னது போல அணையாமல் விட்டுவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பேட்டரி காலி, விடிந்ததும் ஜம்பர் கேபிள் தேட வேண்டியதுதான்.

நாப்பைத் திரும்ப 0-வுக்குக் கொண்டுவர நல்ல நேரம், சாமானை இறக்கி முடித்த அந்த நிமிடம். பகலில் விளக்கு எரியாததால் யாருக்கும் நினைவு வராது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது எண்ணைப் புதிதாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போன சுமையும் வருகிற சுமையும் ஒன்றாக இருப்பதில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் லீவுக்கு அங்கேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் திரும்புகிறீர்கள். டிக்கியில் இரண்டு மூட்டை நெல்லரிசி, ஒரு மூட்டை தேங்காய், அதற்கு மேல் ஒரு பலாப்பழம். ஐந்து பேரோடு வந்தபோது 2 வைத்தீர்கள். இப்போது ஆள் குறைந்துவிட்டதே என்று 1-க்கோ 0-வுக்கோ இறக்காதீர்கள். எடை மொத்தமும் பின் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது, இது 3-க்கான சுமை. ஊர் வீட்டுச் சுவரில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.